சீலைப்பேனும் 270 ரூபாயும்

பி.காம் படிக்கிறவன் பேனைப் பற்றி எழுதப் போகிறான் என்றதும் சிரிக்காதீர்கள். தலையில் இருக்கிற பேன் இல்லை, இது சீலைப்பேன். எங்கள் களமருதூர் ஆயா இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் ஏதோ பழங்காலத்துச் சமாச்சாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன டிசம்பர் வரைக்கும்.

செமஸ்டர் லீவில் மாமாவோடு பெங்களூரு பக்கம் போயிருந்தேன். மாமா கட்டட மேஸ்திரி. எங்கள் ஊரிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார். "நீதான் கணக்குப் படிக்கிறியே மாப்ள, வந்து கூலிக் கணக்கை எழுது" என்றார். 32 பேர், ஒரு தகர ஷெட், ஒரு குழாய். தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் வரும், சமையலுக்கே சரியாக இருக்கும். மார்கழிக் குளிர் வேறு. எல்லாரும் சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரண்டு பேருக்கு ஒரு கம்பளி என்று ஒட்டிக்கொண்டு படுத்தோம்.

பத்து நாளில் இடுப்பிலும் அக்குளிலும் அரிப்பு. கொசு என்று நினைத்தேன். ஒரு பெரியவர்தான் என் ஸ்வெட்டரை வாங்கிப் புரட்டி, தையல் ஓரத்தைக் காட்டினார். எள்ளு மாதிரி ஐந்தாறு பேன்கள், நூலோடு ஒட்டின ஈர் வரிசை. "சீலைப்பேன் தம்பி. உடம்புல தேடினா கெடைக்காது, துணியிலதான் குடியிருக்கும்" என்றார்.

ஊருக்கு வந்து படித்துப் பார்த்தபோதுதான் அந்தப் பெயர் எவ்வளவு சரியானது என்று புரிந்தது. தலைப்பேனும் இதுவும் ஒரே இனம்தான். ஆனால் இது முட்டையிடுவது துணியின் தையலில். பசி எடுத்தால் தோலுக்கு வந்து ரத்தம் குடித்துவிட்டு மறுபடி துணிக்கே போய்விடும். அதனால் குளித்துவிட்டு அதே சட்டையைப் போட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆளைக் கழுவுகிறோம், வீட்டைக் கழுவவில்லை. நம் ஊரில் வெயிலுக்கு ஒற்றைத் துணி கட்டி, தினமும் துவைத்துப் போடுகிறவர்களிடம் இது தங்காது. குளிர், நெரிசல், ஒரே உடுப்பு மூன்றும் சேர்ந்தால்தான் இதற்கு வாழ்வு.

அரிப்போடு போனால் பரவாயில்லை. இந்தப் பேன் இரண்டு பெரிய காய்ச்சல்களைச் சுமக்கக்கூடியது. ஒன்று மீள்காய்ச்சல்: ஐந்தாறு நாள் அனலாகக் கொதித்து, வியர்த்து விட்டுவிடும். ஆள் பிழைத்தான் என்று நினைக்கும்போது ஒரு வாரம் கழித்து மறுபடி வரும். இன்னொன்று டைபஸ்: விடாத காய்ச்சல், மண்டை பிளக்கும் தலைவலி, சில நாளில் உடம்பில் செந்தடிப்பு. (நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகளில் 'ஸ்க்ரப் டைபஸ்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது வேறு. புதரில் இருக்கும் உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. அதற்கும் பேனுக்கும் சம்பந்தமில்லை.)

மீள்காய்ச்சலைப் பேன்தான் பரப்புகிறது என்பதற்கு முதல் நல்ல சாட்சி நம் நாட்டிலேயே கிடைத்தது என்பது எனக்குப் புதுச் செய்தி. 1907, மகாராஷ்டிரத்தின் நாசிக். ஒரு மிஷன் குடியிருப்பில் 170 பையன்களும் 114 பெண் பிள்ளைகளும் தனித்தனியாகத் தங்கியிருந்தார்கள். காய்ச்சல் வந்தபோது பையன்களில் 137 பேர் படுத்தார்கள், பெண்களில் 35 பேர் மட்டும். அதாவது இங்கே பத்துக்கு எட்டு, அங்கே பத்துக்கு மூன்று. ஒரே வளாகத்தில் ஏன் இந்த வித்தியாசம்? பெர்சிவல் மேக்கி என்ற மருத்துவர் துணிகளைப் பார்த்தார். பையன்களின் உடுப்பில் சீலைப்பேன் நெளிந்தது, பெண்களிடம் கொஞ்சம்தான். பேன்களை அறுத்துப் பார்த்தார். பையன்களிடம் எடுத்தவற்றில் ஏறக்குறைய நாலில் ஒன்றில் காய்ச்சலின் சுருள் கிருமி இருந்தது, பெண்களிடம் எடுத்தவற்றில் மிகச் சொற்பம். பிறகு பெண்கள் பக்கம் பேன் பெருகியபோது காய்ச்சலும் அங்கே பெருகியது.

1909ல் துனிசில் சார்ல் நிக்கோல் கவனித்ததும் இதே மாதிரிதான். டைபஸ் நோயாளிகள் தெருவில் இருந்தபோது மற்றவர்களுக்கு ஒட்டியது. ஆஸ்பத்திரி வாசலில் அவர்களைச் சேர்த்தவர்களுக்கும், அவர்கள் துணியை எடுத்தவர்களுக்கும் ஒட்டியது. துணியைக் களைந்து, குளிப்பாட்டி, வேறு துணி போட்டு வார்டுக்குள் விட்டபின் பக்கத்துக் கட்டில்காரனுக்கு ஒட்டவில்லை. வாசலுக்கும் வார்டுக்கும் நடுவில் மாறினது துணி மட்டும்தான். இதற்காக அவருக்கு 1928ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் இன்னொரு விஷயம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஆபத்து கடியில் இல்லை. டைபஸ் கிருமி பேனின் எச்சத்தில் வெளியே வருகிறது, நாம் சொறிகிற கீறல் வழியாக உள்ளே போகிறது. மீள்காய்ச்சல் கிருமி பேனின் உடம்புக்குள் அடைபட்டிருக்கிறது, பேனை நசுக்கும்போதுதான் முக்கியமாக வெளியே வருகிறது. நாங்கள் ஷெட்டில் என்ன செய்தோம்? உட்கார்ந்து நகத்தில் வைத்து நசுக்கினோம், போட்டி போட்டுக்கொண்டு! காய்ச்சல்காரன் ஒருவனும் எங்களுக்குள் வராததால் தப்பித்தோம். காய்ச்சல் ஏறினால் பேன் அந்த ஆளை விட்டு இறங்கி, பக்கத்தில் ஒட்டிப் படுத்தவனிடம் போய்விடும். எங்களைப்போல் கம்பளியைப் பங்கு போட்டால் அதற்கு நடக்கிற வேலைகூட இல்லை.

ஒழிக்கும் வழியைப் பெரியவரே சொன்னார். எண்ணெய் பேரலில் தண்ணீர் கொதிக்க வைத்துத் துணியை முக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அலசினால் ஈர் சாகாது, 60 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கொதிக்க வைக்க முடியாத கம்பளியைச் சாக்கில் கட்டி, இரண்டு வாரம் யாரும் தொடாமல் வைக்க வேண்டும். ரத்தம் கிடைக்காமல் பேன் ஒரு வாரத்துக்குள் செத்துவிடும், பொரிந்து வரும் குஞ்சும் பட்டினியில் போய்விடும். முக்கியமாக, எல்லாரும் ஒரே நாளில் செய்ய வேண்டும். ஒருவன் விட்டுவிட்டால் அவனிடமிருந்து மறுபடி ஆரம்பம்.

இங்கேதான் சிக்கியது. சட்டை கொதிக்கிற நேரம் எதைக் கட்டிக்கொள்வது? பாதிப் பேரிடம் மாற்றுத் துணியே இல்லை. கணக்குப் போட்டேன். லுங்கி 150, பனியன் 120. ஆளுக்கு 270, 32 பேருக்கு 8,640. சோப்புக்கு 360. மொத்தம் 9,000 ரூபாய். விறகுக்கு சென்ட்ரிங் சிதறல் இருந்தது. காண்ட்ராக்டரிடம் சீட்டை நீட்டினோம். "தங்க இடம் சும்மா குடுத்திருக்கேன், துணியும் நானே வாங்கணுமா?" என்று திருப்பிக் கொடுத்தார். கம்பளிக்குப் பதில் வேறு கேட்க மாமாவுக்கு வாய் வரவில்லை.

கடைசியில் சோப்புக் காசு மாமாவுடையது. 270 ரூபாயை ஒவ்வொருவர் கூலியிலும் 'முன்பணம்' என்று பிடித்தோம். பேரல் மூன்று நாள் கொதித்தது, கம்பளி இல்லாமல் சிமெண்ட் சாக்கை விரித்தும் போர்த்தியும் படுத்தோம். இரண்டு வாரத்தில் அரிப்பு போய்விட்டது.

அந்த 32 பற்று வரியையும் எழுதியவன் நான்தான். குழாயும் ஷெட்டும் அவர்கள் தேர்ந்தெடுத்ததில்லை, செலவு மட்டும் அவர்கள் பேரில். வகுப்பில் 'கூலி சார்ந்த செலவுகள்' என்று பட்டியல் போடும்போது வண்டிச் சத்தம், சாப்பாடு எல்லாம் எழுதுகிறோம். ஆளுக்கு ஒரு மாற்றுத் துணி, ஒரு பேரல் வெந்நீர் என்று ஒரு வரியும் அதில் இருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. இந்த டிசம்பரில் மாமா மறுபடி கூப்பிட்டிருக்கிறார். கூலி பேசும்போதே அந்த வரியையும் எழுதி வாங்குங்கள் மாமா, அப்போதுதான் வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம்.