ரெண்டும் சரி மாதிரித் தெரிந்தால் கோட்டைக் கீறுங்கள்

பாஸ்ட் பேப்பர் செய்விக்கும்போது ஆங்கில ஆசிரியர்கள் எல்லோருக்கும் வருகிற கேள்வி இது: "டீச்சர், ரெண்டுமே சரி மாதிரித்தானே இருக்கு?" இதற்கு "ஃபோர் வந்தா ஹேஸ் போடு" என்று சொல்லிவிட்டுப் போவது லேசு. எங்கட வகுப்பில் அந்தக் குறுக்குவழியை நிறுத்தி, கோடு கீறுவதைப் பழக்கி வருகிறோம்.

கோடு பெரிய வித்தையில்லை. கொப்பியில் ஒரு நேர்கோடு. அதன் வலப்பக்கமாக ஒரு நிலைக்குத்துக் கோடு, அதுதான் "இப்போது". ஒரே தடவையில் முடிந்த வேலைக்கு ஒரு புள்ளடி. நீண்டு போன வேலைக்கு ஒரு பெட்டி. அந்த நேரத்தில் நடந்துகொண்டே இருந்த வேலைக்கு நெளிகோடு. தினமும் நடக்கிற வேலைக்கு "இப்போது"வின் இரண்டு பக்கமும் வரிசையாகப் புள்ளடிகள். ஒவ்வொரு டென்ஸுக்கும் ஒரு தடவை கீறிப் பழகிவிட்டால் பிறகு அரை நிமிஷ வேலை.

இந்தக் கேள்வியைப் பாருங்கள்.

"மை ஃபாதர் ........ இன் டோஹா ஃபோர் ஃபைவ் இயர்ஸ்." விடைகள்: வேர்க்ட், ஹேஸ் வேர்க்ட்.

"ஃபோர்" இருப்பதால் முக்கால்வாசிப் பிள்ளைகள் ஹேஸ் வேர்க்ட் என்று அடையாளமிடுவார்கள். இரண்டையும் கீறச் சொன்னோம்.

வேர்க்ட்: ----[=====]------|----
ஹேஸ் வேர்க்ட்: -----------[=====|----

முதலாவதில் பெட்டி மூடியிருக்கிறது. "இப்போது"வுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி. இரண்டாவதில் பெட்டி வந்து "இப்போது"வில் முட்டி நிற்கிறது. இரண்டிலும் பெட்டியின் நீளம் அதே ஐந்து வருடம்தான். "ஃபோர்" சொல்வது நீளத்தை மட்டும். பெட்டி மூடியதா, முட்டியதா என்று அது சொல்லாது.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை சொன்னது: "அப்ப முதலாவதுல வாப்பா வீட்ட வந்திட்டார். ரெண்டாவதுல இன்னும் அங்கதான்." அந்தப் பிள்ளையின் வாப்பாவும் வெளிநாட்டில்தான். அதற்கு மேல் விளக்க எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

அப்படியென்றால் விடை எது? பக்கத்து வசனத்தைத்தான் பார்க்க வேண்டும். அடுத்ததாக "நவ் ஹீ ஹேஸ் எ ஷொப் இன் அவர் டவுன்" என்று வந்தால் அவர் ஊருக்கு வந்து கடை போட்டுவிட்டார். பெட்டி மூடிவிட்டது, வேர்க்ட். "ஹீ கம்ஸ் ஹோம் எவ்ரி டிசம்பர்" என்று வந்தால் இன்னும் லீவுக்குத்தான் வருகிறார். பெட்டி முட்டுகிறது, ஹேஸ் வேர்க்ட். பக்கத்தில் எந்த வசனமுமே இல்லையென்றால் இரண்டும் உண்மையிலேயே சரி. அது கேள்வி தயாரித்தவரின் பிழை, பிள்ளையின் பிழையல்ல.

இந்த வேறுபாடு எங்கட தமிழிலும் இருக்கிறது. "வாப்பா அஞ்சு வருஷம் டோஹாவில வேலை செஞ்சார்." "வாப்பா அஞ்சு வருஷமா டோஹாவில வேலை செய்றார்." அந்த "வருஷமா"வோடு "செய்றார்" வந்தால் பெட்டி தானாக "இப்போது"வில் போய் முட்டிவிடும். ஆனால் தமிழில் "செய்றார்" என்று நிகழ்காலம் வருவதால் பிள்ளைகள் அதை அப்படியே மாற்றி "ஹீ இஸ் வேர்க்கிங் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்" என்று எழுதிவிடுவார்கள். கட்டுரைகளில் நாங்கள் அதிகம் சிவப்பு மை செலவழிப்பது இதற்குத்தான். "இப்போது" நடப்பதை மட்டும் கீறினால் பெட்டியின் இடப்பக்கம், அதாவது ஐந்து வருடத்துக்கு முந்திய தொடக்கம், விடுபட்டுப் போகிறது. தொடக்கத்தையும் காட்ட வேண்டும் என்றால் "ஹேஸ் வேர்க்ட்" அல்லது "ஹேஸ் பீன் வேர்க்கிங்" வேண்டும்.

இரண்டு சம்பவம் வருகிற கேள்விகளிலும் இப்படித்தான். "வென் வீ ரீச்ட் த ஸ்டான்ட், த பஸ் ........" லெஃப்ட்டா, ஹாட் லெஃப்ட்டா? லெஃப்ட் என்றால் இரண்டு புள்ளடியும் ஒட்டினாற்போல்: நாங்கள் போய்ச் சேரவும் பஸ் வெளிக்கிடவும் சரி. ஹாட் லெஃப்ட் என்றால் பஸ்ஸின் புள்ளடி எங்கட புள்ளடிக்கு இடப்பக்கம் தள்ளி: போகும்போது பஸ் இல்லை. அடுத்த வசனத்தில் கொண்டக்டருக்குக் கை காட்டினோம் என்று இருந்தால் முதலாவது. ஸ்டான்டில் ஒருத்தருமில்லை என்று இருந்தால் இரண்டாவது.

கோடு கைவிடுகிற இடமும் உண்டு. "ஆஃப்டர்" வந்தால் எது முந்தியது என்று அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. அதனால் "ஆஃப்டர் ஹீ ஃபினிஷ்ட்", "ஆஃப்டர் ஹீ ஹாட் ஃபினிஷ்ட்" இரண்டுக்கும் படம் ஒன்றேதான்; இரண்டும் சரி. "வில்", "கோயிங் டு" சண்டையையும் கோட்டால் தீர்க்க முடியாது. இரண்டிலும் புள்ளடி "இப்போது"வுக்கு வலப்பக்கம்தான் விழும். அங்கே கேட்க வேண்டியது எப்போது என்றல்ல, முதலிலேயே முடிவெடுத்திருந்தாரா, பேசும்போதுதான் முடிவெடுத்தாரா என்று. அதற்குப் படம் கீற முயன்று பாருங்கள், வகுப்பே குழம்பிவிடும்.