ஒன்றா, ஏழா?

மதுரையில் இருக்கும் என் தாய்மாமா தினமும் காலையில் வாட்ஸப்பில் ரோஜாப்பூ அனுப்புகிற ஆசாமி இல்லை. பேப்பரில் வந்த சுடோகுவைப் போட்டோ எடுத்து அனுப்புவார். ஆடிட்டில் முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிடையர் ஆனவர். விடையை மட்டும் அனுப்பினால் போதாது. “அந்த 5 எப்படிடா வந்துச்சு? வவுச்சர் எங்கே?” என்று போன் வரும்.

போட்டோவில் வந்த சுடோகுவுக்கு முதல் வேலை காப்பி எடுப்பது. பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். போட்டோ லேசாகச் சாய்ந்திருந்தால் ஒரு எண் பக்கத்துக் கட்டத்துக்குக் குடிபோய்விடும். 6-ம் 8-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வீட்டில் யாராவது பென்சிலால் கிறுக்கிய எண், அச்சடித்த எண்ணோடு கலந்துவிடும்.

இதற்கு ஒரு சுருக்கு வழி உண்டு. பேப்பர்களில் வருகிற சுடோகு பெரும்பாலும் சமச்சீராக இருக்கும். காப்பி எடுத்த தாளைத் தலைகீழாகத் திருப்பினாலும், எண் இருக்கிற கட்டங்களின் கோலம் மாறக்கூடாது. மாறினால், எண் எங்கேயோ இடம் தவறி உட்கார்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

போன வாரம் வந்ததை அப்படிக் காப்பி எடுத்தேன்:

```
5 3 .  . 7 .  . . .
6 . .  1 9 5  . . .
. 9 8  . . .  . 6 .

8 . .  . 6 .  . . 3
4 . .  8 . 3  . . ?
7 . .  . 2 .  . . 6

. 6 .  . . .  2 8 .
. . .  4 1 9  . . 5
. . .  . 8 .  . 7 9
```

தலைகீழாகத் திருப்பினேன். கோலம் மாறவில்லை. மொத்தம் 30 எண்கள். அதில் 29 பளிச்சென்று தெரிந்தன. கேள்விக்குறி போட்ட இடத்தில்தான் வில்லங்கம். பேப்பரின் மடிப்பு அந்தக் கட்டத்தின் மேலேயே போயிருந்தது. நெட்டுக்குத்தாக ஒரு கோடு தெரிகிறது. அதன் தலையில் இருப்பது 7-ன் கையா, மடிப்பின் கறுப்பா? மாமாவுக்குப் போன் போட்டால், “பேப்பர்லயே அப்படித்தான்டா இருக்கு” என்றார். ஆக, இன்னொரு போட்டோ எடுத்துப் பிரயோஜனமில்லை.

கேள்விக்குறி இருக்கிற குறுக்கு வரிசையில் 1-ம் இல்லை, 7-ம் இல்லை. நெடுக்கு வரிசையிலும் இல்லை. அந்த ஒன்பது கட்டப் பெட்டியிலும் இல்லை. இரண்டுமே அங்கே உட்காரத் தகுதியுள்ள மாப்பிள்ளைகள்.

ஆபீஸில் பக்கத்து சீட் நண்பர் எட்டிப் பார்த்தார். “இதுக்கா சார் மண்டையை உடைச்சுக்கறீங்க? 7-ன்னு போடுங்க. வரலைன்னா அழிச்சுட்டு 1 போடுங்க. ரெண்டே சான்ஸ்தானே?”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 7 போட்டால் என்ன ஆகும், பாருங்கள்.

நட்டநடுக் கட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நெடுக்கு வரிசையில் 7, 9, 6, 2, 1, 8 வந்தாயிற்று. பாக்கி 3, 4, 5. குறுக்கு வரிசையில் 4-ம் 3-ம் இருக்கின்றன. ஆகவே நடுவில் 5. அதே நெடுக்கு வரிசையில் இன்னும் இரண்டு கட்டம் காலி. அங்கே 3, 4 வரவேண்டும். கீழ்ப் பெட்டியில் ஏற்கெனவே 4 இருப்பதால் கீழே 3, மேலே 4. மளமளவென்று மூன்று கட்டம் நிரம்பிவிட்டது!

7 போட்டவர், “ஆஹா, நம்ம யூகம் பலிக்குது” என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். இந்த மூன்றுக்கும் அந்த 7-க்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்பது அவருக்குத் தெரியாது. இருபது கட்டம் தாண்டி எங்கேயோ முட்டும்போது, அந்த இருபதில் எது 7-ஐ நம்பி வந்தது, எது சொந்தக் காலில் நின்றது என்று பிரிக்க முடியாது. எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதுதான்.

அதைவிட மோசம் ஒன்று உண்டு. முட்டியதற்குக் காரணம் அந்த 7-தானா, அல்லது காப்பி எடுத்ததில் வேறொரு எண் தப்பா? யூகம் செய்தவரால் அதையும் சொல்ல முடியாது.

எனவே கேள்விக்குறியைக் காலியாகவே விட்டேன். தெரிந்த 29 எண்களை மட்டும் சாட்சிக்குக் கூப்பிட்டேன். சண்டை 7-ஐப் பற்றி. கேள்விக்குறியின் நெடுக்கு வரிசையில், அதாவது வலது ஓரத்தில், வேறெங்காவது 7 வந்தே தீரும் என்று காட்டினால் போதும். வலது மேல் மூலைப் பெட்டியைப் பார்த்தேன்.

முதலில் அந்தப் பெட்டிக்கு 5 எங்கே? முதல் குறுக்கு வரிசையில் 5 இருக்கிறது. இரண்டாவதிலும் இருக்கிறது. ஆகவே இந்தப் பெட்டியின் 5 மூன்றாவது வரிசையில்தான். அங்கே மூன்று கட்டம். நடுவில் 6 உட்கார்ந்திருக்கிறது. வலது ஓரத்தின் நெடுக்கு வரிசையில் கீழே ஒரு 5 இருப்பதால் ஓரத்துக் கட்டமும் ஆகாது. மிச்சம் ஒரே இடம்: 6-க்கு இடது பக்கம். 5-ஐப் பேனாவாலேயே எழுதலாம்.

இப்போது அதே பெட்டிக்கு 7 எங்கே? முதல் வரிசையில் 7 இருக்கிறது. அதனால் அங்கே கிடையாது. இரண்டாவது வரிசை? இதற்கு இடது மேல் மூலைப் பெட்டியைக் கேட்க வேண்டும். அதில் காலி நான்கே கட்டம். மேலே இருப்பதில் 7 வராது, முதல் வரிசையில் 7 இருப்பதால். கீழே இருப்பதிலும் வராது, இடது ஓர நெடுக்கு வரிசையில் 7 இருப்பதால். மிச்சம் இரண்டும் இரண்டாவது வரிசையில் 6-க்குப் பக்கத்தில் இருப்பவை. இரண்டில் எது என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். எதுவானாலும், இரண்டாவது வரிசையின் 7 அந்தப் பெட்டிக்கே போய்விட்டது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடித்த மாதிரி. ஆள் யாரென்று தெரியாவிட்டாலும் சீட் நமக்கில்லை.

ஆக, வலது மூலைப் பெட்டியின் 7-ம் மூன்றாவது வரிசையில்தான். அங்கே 5 வந்தாயிற்று, 6 இருக்கிறது. பாக்கி வலது ஓரத்துக் கட்டம் மட்டும். 7 அங்கேதான்.

அந்தக் கட்டமும் கேள்விக்குறியும் ஒரே நெடுக்கு வரிசை. ஒரு வரிசையில் இரண்டு 7 இருக்க முடியாது. கேள்விக்குறி 1. கேஸ் முடிந்தது.

அந்த 1 வந்ததுமே கீழே ஒரு கட்டம் தானாகத் திறந்தது. வலது கீழ்ப் பெட்டியில் இல்லாதவை 1, 3, 4, 6. அதன் மேல் வலது மூலைக் கட்டத்துக்கு, நெடுக்கு வரிசையில் 3, 1, 6 மூன்றும் வந்துவிட்டதால், மிச்சம் 4. கேள்விக்குறியில் 7 போட்டிருந்தால் இங்கே 1-ம் 4-ம் நின்று முழிக்கும். அடுத்த யூகத்துக்கு அழைப்பு.

இந்த முறை எப்போதும் கைகொடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒரே விடை வருவதற்குக் குறைந்தது 17 எண்களாவது கொடுத்திருக்க வேண்டும் என்று டப்ளினில் கேரி மக்வயரும் அவரது குழுவினரும் 2012-ல் கம்ப்யூட்டரை வைத்து நிரூபித்தார்கள். 17-க்கு மேல் இருந்தாலே போதும் என்றும் அர்த்தமில்லை. மடிப்பில் இரண்டு மூன்று எண் போயிருந்தால், இரண்டு விடை சரியாக வரலாம். அப்போது எந்தத் தர்க்கமும் உதவாது. வேறு வீட்டுப் பேப்பரைத்தான் இரவல் வாங்க வேண்டும்.

ஆனால் ஒரு லாபம் நிச்சயம். ஒவ்வொரு எண்ணையும் காரணத்தோடு எழுதி வந்து, எங்கேயாவது ஒரு கட்டத்துக்கு எந்த எண்ணும் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் எழுதியதை அழிக்க வேண்டாம். அந்தக் கட்டத்தை முடக்கிய எண்களின் காரணங்களை ஒவ்வொன்றாகப் பின்னால் தொடர்ந்து போங்கள். காரணங்கள் சரியாக இருந்தால், கடைசியில் போய் நிற்கும் இடம் போட்டோவில் நீங்கள் தப்பாகப் படித்த எண்ணாகத்தான் இருக்கும்.