52 டொலருக்கு ஒரு விண்ணப்பம்

கடன் கேட்டு எழுதும் கடிதத்தைக் காட்டிலும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதும் கடிதம் கடினமானது. முன்னையதில் எமக்கு உரிமை எதுவும் இல்லை என்பது இரு பக்கத்தாருக்கும் தெரியும். பின்னையதிலோ உரிமை எவ்வளவு என்பதே வழக்கு. காணி வழக்குக்கும் வாடகை வழக்குக்கும் மனு எழுதுவிக்க வேண்டுமாயின் கொட்டாஞ்சேனையிலிருந்து புதுக்கடை வரை நடந்தால் போதும். கடல் கடந்த இணையக் கம்பனி ஒன்றுக்கு எழுத வேண்டியவர்கள் எங்கே போவார்கள்? ஜம்பட்டா வீதியில் வாழும் அம்மையார் ஒருவர் தம் மகளையும் அழைத்துக்கொண்டு எம்மிடம் வந்தார்.

மகள் ஆங்கிலப் பரீட்சை ஒன்றுக்குப் பயிற்சி பெறுவதற்காக, அதற்கு முந்திய ஆண்டு மார்ச்சு மாதம் 3ஆம் திகதி ஓர் இணையச் சேவையில் வருடச் சந்தா கட்டியிருந்தாள். கட்டணம் 60 டொலர். தாயாரின் வங்கி அட்டையில் கழிந்தது. ஆகஸ்டில் பரீட்சை முடிந்தது. அதன் பின் அவள் அந்தப் பக்கமே போகவில்லை. ஆண்டு நிறைந்த அன்று இரவு வங்கியின் குறுஞ்செய்தி வந்தது: 18,540 ரூபா கழிந்துவிட்டது. ‘சந்தா புதுப்பிக்கப்படும்’ என்று ஒரு வரி முன்னதாக வந்திருந்தால் நிறுத்தியிருப்பார்கள். வரவில்லை. அந்தப் பணம் இளைய மகனின் தனியார் வகுப்புக் கட்டணத்துக்கென்று ஒதுக்கி வைத்தது.

மகள் தானே ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். நல்ல ஆங்கிலந்தான், பரீட்சையிற் சித்தியடைந்தவள் அல்லவா? ஆயினும் அதில் ‘களவு’ என்னும் சொல் மூன்று இடங்களில் இருந்தது. பணம் முழுவதையும் உடனே தராவிடின் வழக்கு என்றும் இருந்தது. அந்தக் கடிதத்தை ஒதுக்கிவைத்துவிட்டு இரண்டு காரியங்களை முதலிற் செய்யச் சொன்னோம்.

முதலாவது, கணக்கினுள் நுழைந்து, Auto-renew என்றிருக்கும் இடத்தில் இனிமேற் புதுப்பிக்க வேண்டாம் என்று நிறுத்தி, அந்தத் திரையைப் படமாக எடுத்து வைத்துக்கொள்ளுதல். இதைச் செய்யாமற் பணத்தைத் திருப்பிக் கேட்பவர், வீட்டைக் காலி செய்யாமல் முற்பணத்தைக் கேட்கும் குடியிருப்பாளரைப் போன்றவர். இரண்டாவது, நினைவூட்டல் உண்மையில் வரவில்லையா என்று ஐயமறத் தேடுதல். விளம்பரக் கடிதங்கள் சேரும் பகுதி, குப்பைப் பகுதி, அழித்தவை கிடக்கும் பகுதி எல்லாவற்றிலும் அக்கம்பனியின் பெயரை இட்டுத் தேடினாள். பணம் பெற்ற பற்றுச்சீட்டு மட்டுமே அகப்பட்டது. அதன் பின்னரே ‘நினைவூட்டல் வரவில்லை’ என்னும் வாக்கியத்தைக் கடிதத்தில் எழுதச் சம்மதித்தோம்.

சட்டத்தைக் காட்டி மிரட்டுவதையும் விட்டுவிட்டோம். சந்தா சேரும்போது ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளில் ‘தானாகவே புதுப்பிக்கப்படும்’ என்று இருந்தது. முன்னறிவித்தல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்தியாவில் வழங்கப்பட்ட அட்டையாயின் கதை வேறு. அங்கே ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தது. இவ்வாறு தானாகக் கழியும் பணத்துக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாக, அட்டை வழங்கிய வங்கியே அறிவிக்க வேண்டும். ஜெர்மனியில் எம்மவர் பலர் வாழ்கிறார்கள். அங்கே 2022 மார்ச்சு முதலாந் திகதிக்குப் பின் செய்யப்பட்ட இத்தகைய ஒப்பந்தம் முதற் காலம் முடிந்து தானாக நீண்டால், அதன் பின் எப்போதும் ஒரு மாத அறிவித்தலோடு அதை முடித்துக்கொள்ளலாம். ஜம்பட்டா வீதியில் இருந்துகொண்டு அந்தச் சட்டங்களை எமது உரிமையென்று கோர இயலாது. ஆயினும் ஜெர்மனியின் வழி எமக்கு ஒரு யோசனையைத் தந்தது: முழுப் பணத்தைக் கேளாமல், பயன்படுத்தாத மாதங்களுக்கு உரியதை மட்டும் கேட்டால் என்ன?

இங்கேதான் கணக்கு வந்தது. 60 டொலரைப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 5 டொலர். ஒரு மாதத்தைக் கழித்து 55 டொலர் கேட்கலாம் என்றாள் மகள். ஆனால் அதே சேவை மாதச் சந்தாவாக 8 டொலருக்கும் கிடைக்கிறது. ஐந்து டொலர் என்பது ஓராண்டு முழுவதும் இருப்பவருக்குத் தரும் தள்ளுபடி விலை. ஒரு மாதத்தில் விலகுபவர் அந்தத் தள்ளுபடியையும் கேட்டால், மறுப்பதற்கு அவர்களுக்கு நல்லதொரு காரணம் கிடைத்துவிடும். ஆகவே முதல் மாதத்துக்கு 8 டொலரை எடுத்துக்கொண்டு 52 டொலரைத் தரும்படி கேட்பதென முடிவாயிற்று. மூன்று டொலரை விட்டுக்கொடுத்ததனால் அந்தக் காரணம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று.

மார்ச்சு 12ஆந் திகதி ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்தைத் தமிழிலே தருகிறோம்:

“ஐயா, அம்மணி, இக்கணக்கின் வருடச் சந்தா மார்ச்சு 3ஆந் திகதி புதுப்பிக்கப்பட்டு 60 டொலர் அறவிடப்பட்டது. பற்றுச்சீட்டின் இலக்கமும் அட்டையின் கடைசி நான்கு இலக்கங்களும் கீழே உள்ளன. புதுப்பிக்கு முன் எமக்கு நினைவூட்டல் எதுவும் வரவில்லை. சென்ற ஆகஸ்டுக்குப் பின் சேவையைப் பயன்படுத்தவில்லை என்பதை உங்கள் பதிவேட்டிலேயே காணலாம். இனிப் புதுப்பிப்பதை நிறுத்திவிட்டோம். முதல் மாதத்துக்கு உங்கள் மாதக் கட்டணமாகிய 8 டொலரைக் கழித்து, மீதி 52 டொலரை அதே அட்டைக்குத் திருப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

அட்டையின் முழு இலக்கத்தையும் எழுதப் போன மகளைத் தடுத்தோம். கடைசி நான்கே போதும். அதற்கு மேல் மின்னஞ்சலில் எழுதுதல் ஆகாது.

மறுநாளே பதில் வந்தது. வருடக் கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது என்று நிபந்தனையின் ஒரு பகுதியை எடுத்து ஒட்டியிருந்தார்கள். அப்பதிலில் எமது திகதியும் இல்லை, தொகையும் இல்லை, நினைவூட்டலைப் பற்றிய பேச்சும் இல்லை. இத்தகைய பதில் முன்னரே அச்சிட்டு வைத்த துண்டுக்கு ஒப்பானது; கடிதத்தை எவரும் வாசிக்கவில்லை என்பதே அதன் பொருள். வங்கியிடம் முறையிட்டு அட்டைக் கழிவையே மறுத்துவிடலாமா என்று தாயார் கேட்டார். அதற்குப் பொதுவாக 120 நாள் தவணை உண்டு. ஆதலால் அவசரம் இல்லை. அன்றியும் வங்கியில் வழக்குத் தொடங்கினால் கம்பனி நேரிற் பேசுவதை நிறுத்திவிடக்கூடும். இன்னும் ஒரு தரம் எழுதினோம், மூன்றே வாக்கியத்தில்: நினைவூட்டல் அனுப்பியிருந்தால் அதன் பிரதியைத் திகதியோடு தருக. அனுப்பவில்லையாயின் 52 டொலரைத் தருக. இக்கடிதத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் சேர்ப்பிக்குக.

நான்கு நாளின் பின் ஒரு மனிதர் தம் பெயரை இட்டுப் பதில் எழுதினார். நினைவூட்டல் அனுப்பப்படவில்லை என்று ஒப்புக்கொண்டார். மகள் ஒரு சமயம் அவர்களுடைய விளம்பரக் கடிதங்கள் வேண்டாமென்று நிறுத்தியிருக்கிறாள். புதுப்பித்தல் நினைவூட்டலையும் அவர்கள் அந்த விளம்பரப் பட்டியலிலேயே வைத்திருந்தார்களாம்! விலை குறைப்புச் செய்தியும் பணம் எடுக்கப்போகும் செய்தியும் ஒரே பையில் கிடந்தன. பையை வேண்டாம் என்றவருக்கு இரண்டும் நின்றுபோயின. கேட்ட தொகையைத் தருவதாகவும் எழுதியிருந்தார்.

எட்டு நாளிற் பணம் வந்தது. வங்கி அட்டைக்கு 15,444 ரூபா. கழிந்த நாளில் டொலர் ஒன்றுக்கு வங்கி 309 ரூபா எடுத்தது. திரும்பிய நாளில் 297 ரூபாப்படி வரவு வைத்தது. விற்கும் விலை ஒன்று, வாங்கும் விலை ஒன்று. கடிதத்தில் ரூபாக் கணக்கை எழுதாமல் டொலர்க் கணக்கையே எழுதியதற்கும் இதுதான் காரணம்; கம்பனி அனுப்புவது டொலர், ரூபாவுக்கு அது பொறுப்பில்லை.

தாயார் அந்தக் குறுஞ்செய்தியையும் பழைய குறுஞ்செய்தியையும் ஒரு துண்டுக் காகிதத்திற் கூட்டிக் கழித்துப் பார்த்தார்.

“52 டொலருக்கு 624 ரூபா குறையுதே, சேர்,” என்றார். “அதுக்கு ஆருக்கு எழுதுறது?”