செவ்வாய்க்கிழமை காலை 10 முதல் 12 வரை



படுக்கையிலிருக்கும் நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்று உதவும் ஊழியத்திற்கு நம் சபையில் நேரம் கேட்டோம். பலர் அன்போடு முன்வந்தீர்கள்; தேவனுக்கு ஸ்தோத்திரம். வந்த சீட்டுகளில் பெரும்பாலானவற்றில், "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள், ஐயா" என்று எழுதப்பட்டிருந்தது. ஒரு சீட்டில் மட்டும் பின்வருமாறு இருந்தது:

"செவ்வாய்க்கிழமைதோறும் காலை 10 முதல் 12 வரை. டிசம்பர் முடிய. நாகல் நகரிலிருந்து நடந்து செல்லும் தூரமாக இருக்க வேண்டும். நோயாளியோடு இருக்கவும், வேதம் வாசித்துக் காட்டவும், மருந்து வாங்கி வரவும் முடியும். தூக்கிக் குளிப்பாட்ட என் முதுகு இடந்தராது. வர இயலாவிட்டால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிடுவேன்."

இவ்விரண்டு வகைச் சீட்டுகளுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வாரம் உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். இரண்டிலும் அன்பு உண்டு. ஆனால் "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதும்போது, நேரத்தைக் கண்டுபிடிக்கும் வேலை கேட்பவரிடமே திரும்பி வந்துவிடுகிறது. அவர் ஒவ்வொருவரையும் அழைத்து, "இன்று முடியுமா?" என்று கேட்க வேண்டும். ஒருவர் வேலையில் இருப்பார். ஒருவர் ஊரில் இருக்கமாட்டார். நோயாளியின் மனைவியோ, கேட்கவே கூச்சப்பட்டுச் சும்மா இருந்துவிடுவாள். இரண்டாம் சீட்டு யாரையும் கேட்க வைப்பதில்லை. அதை எடுத்து அட்டவணையில் எழுதினால் போதும்.

நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்திற்கும் ஆதரவுச் சிகிச்சைக்கும் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தீரா நோயுற்றோர் மருத்துவமனையைத் தேடி வருவதைவிட, ஊராரே அவர்களுடைய வீடுகளைத் தேடிச் செல்வது நல்லது என்பதை அதன் மருத்துவர்கள் உணர்ந்தார்கள். சில ஆண்டுகளில் மலப்புரம் மாவட்டத்தில் அக்கம்பக்கத்தார் வலையமைப்பாக அது வளர்ந்தது. அங்கே தன்னார்வலரிடம் கேட்கப்பட்டது பெரிய தியாகம் அன்று; வாரத்தில் குறைந்தது 2 மணி நேரம். அதைத் தர இசைந்தவர்களுக்கு 16 மணி நேர வகுப்பும், செவிலியரோடு நேரில் சென்று கற்க 4 நாட்களும் கொடுக்கப்பட்டன. தொழிலாளியும், கடைக்காரரும், மாணவரும், இல்லத்தரசியும் அதில் சேர முடிந்ததற்குக் காரணம், கேட்கப்பட்ட அளவு சிறியதாகவும் தெளிவாகவும் இருந்ததே.

பிரியமானவர்களே, இங்கே ஒரு காரியத்தைக் கவனியுங்கள். பத்துப் பேர் வாரத்திற்கு 2 மணி நேரம் கொடுத்தால் 20 மணி நேரம் ஆகும். ஆனால் பத்துப் பேரும் ஞாயிறு ஆராதனை முடிந்த பிற்பாடு வருவோம் என்றால், அந்த வீட்டில் ஒரே பிற்பகலில் கூட்டம் நிறைந்திருக்கும். மற்ற ஆறு நாட்களும் யாரும் இருக்கமாட்டார்கள். பக்கவாதத்தால் படுத்திருக்கும் கணவனைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சகோதரிக்கு வேண்டியது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அன்று. ரேஷன் கடைக்கும், வங்கிக்கும், மாத்திரை வாங்க அரசு மருத்துவமனைக்கும் அவள் போக வேண்டும். அந்த வேலைகளெல்லாம் பெரும்பாலும் வேலைநாட்களில் பகலில்தான் நடக்கும். செவ்வாய் காலை 10 மணிக்கு ஒருவர் வந்து உட்காருவார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், அந்த 2 மணி நேரத்தை நம்பி அவள் தன் வாரத்தையே ஒழுங்குபடுத்துவாள். தெரியாவிட்டால், வழக்கம்போல் கதவை வெளியே பூட்டிவிட்டு, நெஞ்சு பதைக்க ஓடி வருவாள்.

வேதத்திலும் இந்த ஒழுங்கைக் காண்கிறோம். தாவீது ஆசாரியர்களை 24 வகுப்புகளாகப் பிரித்து, சீட்டுப்போட்டு முறை வகுத்ததை முதலாம் நாளாகமம் 24-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. பிற்காலத்தில், அபியாவின் வகுப்பைச் சேர்ந்த சகரியா என்ற முதியவர் தன் முறை வந்தபோது தேவாலயத்திற்குள் பிரவேசித்தார். யோவான்ஸ்நானகனின் பிறப்பைக் குறித்த செய்தி அங்கேதான் அவருக்கு வந்தது. அவர் விசேஷமாக எதையும் செய்யப் போகவில்லை. தமக்குக் குறிக்கப்பட்ட வாரத்தில், குறிக்கப்பட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தார், அவ்வளவே.

"என் வேலைக்கு நேரமே நிச்சயமில்லையே, ஐயா" என்று சிலர் கேட்கக்கூடும். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். அவர்கள் "புதன்கிழமைதோறும்" என்று வாக்குக் கொடுத்தால், இரண்டாம் வாரமே அது தவறிப்போகும். அவர்கள், "காலை ஷிப்ட் உள்ள வாரங்களில் மட்டும், புதன் மாலை 4 முதல் 6 வரை" என்று எழுதலாம். மற்ற வாரத்தை இன்னொருவர் ஏற்றுக்கொள்வார். தன்னால் இயலாததையும் சொல்லிவிடுகிற வாக்கே கைக்கொள்ளக்கூடிய வாக்கு. அந்தச் சீட்டில் முதுகைப் பற்றிய வரி இருந்ததனால்தான், குளிப்பாட்டும் வேலைக்குப் பலமுள்ள வேறிருவரைத் தேட நமக்குத் தெரிந்தது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முதல் வாரத்து உற்சாகத்தில் நான்கு நாட்களை ஏற்றுக்கொண்டு, மூன்றாம் வாரத்தில் காணாமற்போவது, வராமலே இருப்பதைவிட நோயாளிக்கு வேதனையானது. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் தளர்கிறார் என்பதற்கு அடையாளம், அவர் ஒருமுறை வராமற்போவது அன்று, சொல்லாமல் வராமற்போவது. அது இரண்டாம் முறை நேர்ந்தால், அவரைக் கடிந்துகொள்ளாமல் நேரத்தைக் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஆகையால் முதலில் ஒரே ஒரு நாளை, ஒரே ஒரு மாதத்திற்கு எழுதுங்கள். மாத முடிவில் புதுப்பித்துக்கொள்ளலாம். விலகவும் செய்யலாம், அதில் வெட்கமில்லை.

நாளைய தினம் நம் கையில் இல்லை, கர்த்தருக்குச் சித்தமானால் என்று சொல்ல வேண்டும் என யாக்கோபு போதிக்கிறார். அது மெய். ஆனால் நேரத்தைக் குறிக்காமல் தப்பித்துக்கொள்ள அந்த வார்த்தையை நாம் பயன்படுத்தலாகாது. நாளையும் மணியையும் எழுதி, வர இயலாவிடில் முன்னதாகச் சொல்லுவேன் என்றும் எழுதுகிறவரே, தேவசித்தத்திற்கும் அயலானுக்கும் ஒருசேர மதிப்புக் கொடுக்கிறார்.

நம் அட்டவணையில் இப்போது செவ்வாய் காலை நிறைந்திருக்கிறது. திங்கள் காலையும், வியாழன் காலையும், வெள்ளி பிற்பகலும் வெறுமையாக உள்ளன. குளிப்பாட்டுவதற்கு வாரம் இருமுறை, காலை 7 மணிக்கு, இரண்டு சகோதரர்கள் தேவை. முன்பு "எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதியவர்கள், அதே அன்போடு, ஒரு நாளையும் ஒரு மணியையும் சேர்த்து மறுபடியும் எழுதித் தாருங்கள்.

ஜெபம்: எங்கள் நாட்களை எண்ணி வைத்திருக்கிற ஆண்டவரே, அவற்றில் இரண்டு மணி நேரத்தை நாள் குறித்துப் பிறருக்குக் கொடுக்க எங்களுக்குக் கற்றுத்தாரும். கொடுத்த வார்த்தையைக் காத்துக்கொள்ளப் பெலன் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.