பாலும் பருவும்: நூற்றில் ஆறு பேர்

புனேயில் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றில், பதினோராம் வகுப்பில் படிக்கும் 16 வயது மகள் ஒரு நாள் காலை பால் தம்ளரைத் தாயின் பக்கம் நகர்த்திவிட்டு, "இனிமேல் எனக்குப் பால் வேண்டாம்மா" என்றாள். பருவுக்குப் பால்தான் காரணம் என்று வகுப்புத் தோழி சொல்லியிருந்தாள். பால் நின்றது, தயிரும் நின்றது. மருத்துவர் தந்திருந்த அடாபலீன் களிம்பு முகத்தை உலர்த்துகிறது என்பதால் அதுவும் நின்றது. பத்தே நாளில் பருக்கள் குறைந்தன. மூன்றாம் வாரத்தின் முடிவில் அவை முன்போலவே திரும்பின. அதற்கு முந்தைய நாள் ஒரு திருமண விருந்தில் இரண்டு கரண்டி மோர்க்குழம்பு ஊற்றிக்கொண்டதை நினைத்து அவள் அழுதாள்.

தோழி சொன்னது முழுப் பொய்யன்று. 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, 47,355 செவிலியர்களிடம் அவர்களது பள்ளிப் பருவத்து உணவைப் பற்றிக் கேட்டது. பால் மிகுதியாகக் குடித்ததாகச் சொன்னவர்களிடையே, மருத்துவர் கண்டறிந்த கடுமையான பரு சற்றே அதிகமாக இருந்தது. கொழுப்பு நீக்கிய பாலில் அத்தொடர்பு இன்னும் வலுவாக இருந்ததால், பாலின் கொழுப்பைக் குற்றம் சொல்ல இயலவில்லை. பால் இன்சுலினையும், அதனை ஒத்த ஐ.ஜி.எஃப்-1 என்னும் வளர்ச்சிக் காரணியையும் உயர்த்துகிறது. இவை தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டக்கூடியவை. எனவே காரணத் தொடர்பு இருக்கலாம் என்று கருத இடமுண்டு. ஆனால் பல ஆண்டுகளுக்கு முன் உண்டதை நினைவிலிருந்து சொல்லும்போது பிழை நேர்வது இயல்பு.

2018-இல் 14 ஆய்வுகளைத் தொகுத்த ஒரு பகுப்பாய்வு, 7 முதல் 30 வயது வரையிலான 78,529 பேரின் தரவுகளைக் கொண்டு, பால் குடிப்போருக்கான வாய்ப்பு விகிதத்தை 1.28 எனக் கணித்தது. இந்த எண்ணை அந்த மாணவியின் முகத்தோடு பொருத்திப் பார்ப்பது எப்படி? பால் குடிக்காத நூறு பேரில் 40 பேருக்குப் பரு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் குடிக்கும் நூறு பேரில் ஏறத்தாழ 46 பேருக்குப் பரு இருக்கும். அந்த 46 பேரும் பாலை விட்டாலும் 40 பேருக்குப் பரு வந்தே தீரும். மிச்சம் 6 பேர்தான். பால்தான் காரணம் என்று முழுமையாக ஏற்றுக்கொண்டாலும் கணக்கு இவ்வளவே. அதுவும் நிறுவப்படவில்லை: இவை பெரும்பாலும் உற்றுநோக்கல் ஆய்வுகள், பால் குடிப்போர் வேறு எதை உண்கிறார்கள் என்பதும் இவற்றில் கலந்துவிடுகிறது. ஆகவேதான் 2024-இல் வெளியான அமெரிக்கத் தோல் மருத்துவ அகாதெமியின் வழிகாட்டி, பாலைத் தவிர்க்கும் உணவுமுறையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றது.

பத்து நாள் முன்னேற்றத்தின் பொருளைத் தோல் மருத்துவர் விளக்கினார். மயிர்க்கால் அடைபட்டுக் கண்ணுக்குத் தெரியும் பருவாக மாறப் பல வாரங்கள் ஆகும். இன்று தெரியும் பரு, பாலை விடுமுன்பே தொடங்கியது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் பரு மிகுவதும் முடிந்தபின் தணிவதும் பலருக்கு உண்டு. அவள் பாலை நிறுத்தியது மாதவிடாய் முடிந்த மறுநாள். விருந்துக்கு மறுநாள் வந்த பருக்களுக்கு மோர்க்குழம்பு காரணமாக இருக்கவே முடியாது.

"சோதிக்க வேண்டுமானால் 12 வாரம் சோதித்துப் பார், அம்மா. ஆனால் களிம்பை விடாதே. இரண்டையும் ஒரே நாளில் தொடங்கினால் எது பலித்தது என்று தெரியாது" என்றார். எனவே முதல் மூன்று மாதம், பால் வழக்கம்போல இருக்க, களிம்பு மட்டும். தோல் உலர்ந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள். அடுத்த 12 வாரம் களிம்போடு பாலின்றி. பிறகு மீண்டும் பால். வாரந்தோறும் ஒரே சன்னல் வெளிச்சத்தில் ஒரு படம், பருக்களின் எண்ணிக்கை. பால் இல்லாத வாரங்களில் கேழ்வரகுக் கூழ்: அவள் வயதுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 உண்டு.

குறிப்பேட்டில் முதல் வாரம் 31 பருக்கள். களிம்பின் பன்னிரண்டாம் வாரம் 14. பாலில்லா வாரங்களில் 11-க்கும் 16-க்கும் இடையே ஏறி இறங்கின. பால் திரும்பிய பின்பும் அதே ஏற்ற இறக்கம். அந்த ஆறு பேரில் அவள் ஒருத்தி அல்லள் போலும்; வேறொருத்தியின் குறிப்பேடு வேறாகவும் இருக்கலாம். களிம்பை விட்டிருந்த வாரங்களில் வந்த பருக்கள் இடக் கன்னத்தில் இரண்டு குழிகளை விட்டுச் சென்றுள்ளன. இப்போது அவள் தயிர்சாதத்தை எண்ணிப் பார்க்காமல் உண்கிறாள்.