ஆணி அடிக்கக் கூடாது

நான் வளர்ந்த வீடுகளில் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். மதுரையில் பதினெட்டு வருடத்தில் ஐந்து வாடகை வீடுகள். ஐந்திலும் முதல் நாளே ஓனர் சொன்ன முதல் வாக்கியம் ஒன்றுதான்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." அப்பா தலையாட்டுவார். அம்மா அன்று மாலையே சாமி படங்களை அலமாரித் தட்டில் சாய்த்து வைத்துவிடுவாள். சுவர் என்பது அடுத்தவருடையது, நமக்கு உள்ளே இருக்கும் காற்று மட்டும்தான் என்று அப்போதே புரிந்துவிட்டது.

2021-இல் நங்கநல்லூரில் நாங்கள் குடிவந்த வீட்டின் ஒப்பந்தத்திலும் அந்த வரி இருந்தது. ஏழாவது பத்தி. கீழே ஓனர், மாடியில் நாங்கள், அதற்கு மேல் மொட்டை மாடி. ஓனர் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1994-இல் கூடவே நின்று கட்டிய வீடு. எந்தச் சுவரில் எத்தனை மூட்டை சிமெண்ட் போனது என்று இப்போதும் சொல்வார்.

முதலில் பிராட்பேண்டுக்குத்தான் கேட்டேன். வீட்டிலிருந்தே வேலை, லைன் இல்லாமல் முடியாது. "ட்ரில்லிங் வேணாம் தம்பி, ஜன்னல் வழியா விட்டுக்கோங்க" என்றார். விட்டுக்கொண்டோம். ஃபைபர் கேபிள் ஒரு தடித்த நூல் அளவுதான். ஆனால் உள்ளே இருப்பது கண்ணாடி இழை. அதற்குள் ஒளி போகிறது. மெதுவாக வளைத்தால் தாங்கும், மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். எங்கள் ஜன்னல் கதவு ஒவ்வொரு முறை சாத்தும்போதும் அதை மடக்கியது. முக்கியமான மீட்டிங் நடுவில் ரவுட்டரில் LOS என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு சிமிட்டும். ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பேன், பச்சை வரும். மூன்று வருடம் அந்த ஜன்னல் முழுதாகச் சாத்தப்படவே இல்லை. அந்த இரண்டு விரல் இடைவெளியில் நங்கநல்லூர் கொசு அத்தனையும் உள்ளே வந்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். மறுபடி போய்க் கேட்பதைவிட அது சுலபமாக இருந்தது.

2024 மே மாதம் அம்மா எங்களோடு இருக்க வந்தாள். அறுபத்தெட்டு வயது, பிரஷர் மாத்திரை. அவளுக்குக் கொடுத்த அறைக்கு நேர் மேலே மொட்டை மாடித் தளம். கான்கிரீட் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, இருட்டிய பிறகு நிதானமாக உள்ளே இறக்கும். ராத்திரி பதினொன்றுக்கு சீலிங்கைத் தொட்டால் தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளும். அம்மா ஈரத் துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு தரையில் படுப்பாள். ஒருநாள் விடிகாலை பாத்ரூம் போக எழுந்தவள் தலைசுற்றிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏசி போடலாம் என்றதும் அவள் சொன்னது, "வேண்டாம்டா. அவர்கிட்ட போய் நிக்காத. இன்னும் ஒரு மாசந்தானே."

அந்த "போய் நிக்காத" எனக்குப் பழக்கமான சொல். இந்த முறை போய் நின்றேன்.

"ஏசியா? பாக்கலாம்" என்றார் ஓனர். வாடகை வீட்டு அகராதியில் அதற்கு 'இல்லை' என்று பொருள். நான் நகரவில்லை. "சார், எதுக்கு வேண்டாம்னு தோணுதுன்னு சொன்னீங்கன்னா..." என்று இழுத்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, காட்டுறேன்" என்றார்.

எங்கள் போர்ஷனின் பின்னறைக்கே கூட்டிக்கொண்டு போனார். கிழக்குச் சுவரில், அலமாரிக்கு மேலே, கையகலத்துக்கு ஒரு சிமெண்ட் பூச்சு. அதற்குக் கீழே பெயிண்ட் உப்பி, பொரிந்து, தரை வரை ஒரு நீளமான கறை. அந்த இடத்தை மறைக்கத்தான் நாங்கள் அலமாரியை அங்கே போட்டிருந்தோம். மூன்று வருடமாகப் பார்த்த கறை, ஏன் வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

எங்களுக்கு முன் இருந்தவர் ஏசி மாட்டியிருக்கிறார். மாட்ட வந்தவர் ஸ்டூலில் நின்று, வசதியாக இருந்த கோணத்தில், உள்ளிருந்து மேல்நோக்கி ட்ரில் போட்டுவிட்டார். ஓட்டையின் வெளிவாய் உயரத்திலும் உள்வாய் தாழ்விலும் இருந்தது. குழாய்க்கும் சுவருக்கும் இடையில் செய்தித்தாளைத் திணித்து, மேலே கொஞ்சம் புட்டி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சுவரில்தான் அறையும். தண்ணீர் ஓட்டை வழியாக உள்ளே வழிந்து, செங்கலில் ஊறி, இரண்டு மழைக்காலத்தில் பூச்சைத் தூக்கிவிட்டது. வெளியே ட்ரில் முனை வெளிவந்த இடத்தில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பூச்சு பெயர்ந்து கீழே விழுந்திருக்கிறது. ஏசித் தண்ணீர் வேறு அவர் சமையலறை சன்ஷேடில் சொட்டிப் பாசி பிடித்தது.

"காலி பண்ணும்போது ஏசியக் கழட்டிட்டுப் போயிட்டாரு. ஓட்டைய விட்டுட்டுப் போயிட்டாரு" என்றார். குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். அவருக்கு ஏசி மேல் பகையில்லை. பயம் தண்ணீர் மேலே. நான் காலி செய்த பிறகு அந்தச் சுவரோடு இருக்கப்போவது அவர்தானே.

அன்று இரவு உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். வேலையில் ஒரு மாற்றம் செய்யும் முன் என்ன மாறும், எது உடையலாம், எப்படித் திருப்பி எடுப்போம் என்று எழுதித் தருவோம். அதே பழக்கம். அம்மா அறையின் தெற்குச் சுவரில் ஒரே ஓட்டை, இரண்டரை அங்குலம். கோர் கட்டர் வைத்து வெட்டுவது, சுத்தி அடிக்கும் ட்ரில் இல்லை. உள்வாயைவிட வெளிவாய் ஒரு சென்டிமீட்டர் தாழ்வு. ஏசித் தண்ணீர் குழாய் வழியாகத் தரை வரை இறங்கும். போர்டிலிருந்து ஏசிக்குத் தனி ஒயர், 4 ஸ்கொயர் எம்.எம்., தனி எம்.சி.பி.; சுவரை வெட்டாமல் கேசிங்கில் போகும். பிராட்பேண்ட் கேபிளும் அதே ஓட்டையில். ஃபைபரில் கரண்ட் கிடையாது என்பதால் ஏசி ஒயர் பக்கத்தில் போனாலும் பாதகமில்லை. கடைசி வரி: காலி செய்யும்போது ஓட்டையை மூடி, இருபுறமும் பூசி, அந்தச் சுவருக்கு முழுதாகப் பெயிண்ட் அடிப்பது என் செலவு, அதற்குப் பத்தாயிரம் ரூபாயை அட்வான்ஸில் பிடித்து வைத்துக்கொள்ளலாம்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனா எடுத்து ஒரே ஒரு திருத்தம் செய்தார்: 'லிண்டலுக்கு மேலே' என்று சேர்த்தார். ஜன்னலுக்கு மேலே சுவர் நெடுக ஓடும் கான்கிரீட் பட்டைதான் லிண்டல். அதில் கம்பி இருக்கும். வீட்டைக் கட்டியவருக்கு மட்டும் தெரிகிற விஷயம் அது. "ஏழடில இருக்கு. எட்டடில போடச் சொல்லுங்க. நானும் கூட நிக்கிறேன்" என்றார். கீழே கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். ஆளுக்கொரு நகல்.

மாட்ட வந்தவர் கையில் இருந்தது சாதாரண ஹேமர் ட்ரில்தான். "எல்லா வீட்லயும் இதுலதான் சார் போடுறோம்" என்றார். கோர் கட்டருக்கு அறுநூறு ரூபாய் கூட ஆகும் என்று ஒத்துக்கொண்டு மறுநாள் கொண்டுவந்தார். குழாய் மாதிரி இருக்கும், வாயில் பல் வைத்திருக்கும். சுவரை இடிக்காமல் வட்டமாக அறுக்கும். முதலில் நடுவில் மெல்லிய ஓட்டை ஒன்று முழுச் சுவரையும் தாண்டிப் போட்டார். அதன் வெளிவாயைப் பார்த்துவிட்டு, மறுபாதியை வெளியே ஏணியில் நின்று அறுத்தால்தான் பூச்சு பெயராது என்று ஓனர் சொல்லிவிட்டார்.

அந்த மெல்லிய ஓட்டை போடும்போதே ஒரு சிக்கல். முதலில் சிவப்புத் தூள் கொட்டியது. நாலு அங்குலத்தில் தூள் சாம்பல் நிறமாக மாறி, ட்ரில்லின் சத்தம் கனத்தது. மாட்டுபவர் இன்னும் அழுத்தப் போனார். "நிறுத்துப்பா!" என்று ஓனர் கத்தினார். சிவப்பு என்றால் செங்கல், சாம்பல் என்றால் கான்கிரீட். மூலைத் தூணின் ஓரத்தை ட்ரில் தொட்டிருந்தது. அழுத்தியிருந்தால் கம்பியில் போய் முட்டியிருக்கும். ஒரு அடி தள்ளிக் குறித்தோம். இந்த முறை கடைசி வரை சிவப்புதான். அந்தத் தூளைப் பார்த்து எனக்கு இவ்வளவு நிம்மதி வருமென்று நினைத்ததில்லை. முதல் ஓட்டையை ஓனரே வெள்ளைச் சிமெண்ட் குழைத்து விரலால் அடைத்தார்.

ஒன்பது அங்குலச் சுவர். அறுபட்டு வெளியே வந்த செங்கல் துண்டை அவர் கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார். "நல்ல சூளைக் கல்லு" என்றார். முப்பது வருடத்துக்குப் பிறகு தன் சுவரின் உள்ளே பார்க்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. நானாக இருந்தாலும் யாரோ ஒருவனுக்கு அதை லேசில் திறந்து காட்டியிருக்க மாட்டேன்.

ஓட்டைக்குள் ஒரு பி.வி.சி. துண்டைச் செருகி, அதற்குள் செப்புக் குழாய், ஒயர், தண்ணீர்க் குழாய், ஃபைபர் எல்லாம் போயின. சுற்றி ஃபோம் அடித்து, வெளிப்பக்கம் வெள்ளைச் சிமெண்ட். வெளியே கேபிள்கள் உள்ளே நுழையும் முன் ஒருமுறை தொங்கி ஏறும்படி வளைத்துவிட்டார்கள். வழிந்து வரும் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், ஓட்டைக்கு வராது. அன்று இரவு முதல்முறையாக ஜன்னலை முழுதாகச் சாத்தினேன். அம்மா பன்னிரண்டு மணிக்கு எழுந்து போர்வை கேட்டாள்.

அக்டோபரில் முதல் பெருமழை. இரண்டு நாள் விடாமல் அடித்தது. இரண்டாம் நாள் காலை கதவைத் தட்டினார் ஓனர், குடை சொட்டச் சொட்ட. நேராக அம்மா அறைக்குப் போய், நாற்காலியைப் போட்டு ஏறி, ஓட்டைக்குக் கீழே சுவரில் உள்ளங்கையை வைத்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

"காஞ்சுதான் இருக்கு" என்றார்.

அவர் இறங்கும் வரை காத்திருந்த அம்மா, எத்தனை வருடமாக உள்ளே வைத்திருந்தாளோ, அவளே நேரடியாகக் கேட்டாள். "சார், அப்படியே இந்தக் காலண்டருக்கு ஒரே ஒரு ஆணி..."

"ஆணியா?" அவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் வேணாம்மா. பூச்சு உதிரும்."

காலண்டர் இப்போது ஏசியின் தண்ணீர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் தொங்குகிறது. ஒப்பந்தத்தில் அதற்குத் தடையில்லை.