இணைப்பு 2

உதவித்தொகை விண்ணப்பத்தின் ஏழாவது கட்டத்தில், ‘குடும்ப ஆண்டு வருமானம்: இணைப்பு 2-இல் உள்ள வழிகாட்டு நெறிமுறைகளின்படி நிரப்புக’ என்றிருந்தது. உறைக்குள் இணைப்பு 1 இருந்தது, 3 இருந்தது. இரண்டு இல்லை.

மணமாகாதவர் அப்பாவின் வருமானத்தை எழுதிவிடுவார். முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நான் மணமானவள். என் குடும்பம் எது, அப்பாவுடையதா, கணவருடையதா?

“எல்லாருக்கும் தெரியுமேம்மா,” என்றார் எழுத்தர். ஆண்கள் விடுதியில் பழைய நகலொன்று கைமாறிக்கொண்டிருந்ததாம். ஐந்தரை மணி பஸ்ஸுக்கு ஓடுகிறவளுக்கு அது எப்படி எட்டும்?

தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டிக் கேட்கலாம். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு, எனக்கிருந்தது 12. வருமானச் சான்று வேறு, இ-சேவை மையத்தில் பதிந்தபின் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என மூன்று மேசை தாண்ட வேண்டும். அப்பா ஒரு வட்டம், கணவர் வேறு வட்டம்.

இரண்டுக்கும் பதிந்தேன். பத்தாம் நாள் இரண்டாவது சான்றும் வந்தது. முகப்புக் கடிதத்தில், ‘இணைப்பு 2 தரப்படவில்லை. எனவே தந்தை, கணவர் இருவரின் சான்றும் வைத்துள்ளேன். எது செல்லும் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும்’ என்று எழுதி, நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டேன். தகவல் உரிமை மனுவையும் அன்றே போட்டேன்.

இணைப்பு 2 கைக்கு வந்தபோது தேர்வுப் பட்டியல் ஒட்டி ஒரு வாரமாகியிருந்தது. ‘மணமான பெண் எனில் கணவரின் வருமானம்’ என்று ஒரு வரி. மணமான ஆணின் மனைவி சம்பாதித்தால் என்ன செய்வதென்று வரியே இல்லை.